இரட்டையா, ஒற்றையா: பூனை நிலையில் ஒரு க்யூபிட்

பாரிஸில் செய்யப்பட்ட ஒரு சோதனையின் முடிவு 2020-ல் 'நேச்சர் ஃபிசிக்ஸ்' இதழில் வந்தது. சோதனைக்கு எடுத்துக்கொண்டது மீக்கடத்தியால் ஆன சிறிய மின்சுற்று. அதற்குள் ஒரு மைக்ரோஅலை ஃபோட்டானை விட்டால் சராசரியாக 3 மைக்ரோவிநாடியில் அது கசிந்து போய்விடும். ஆனால் அதே சுற்றில் எழுதி வைத்த '0 அல்லது 1' என்ற செய்தி சுமார் ஒரு மில்லிவிநாடி புரளாமல் நின்றது. ஏறக்குறைய 300 மடங்கு அதிக நேரம். ஃபோட்டானே தங்காத இடத்தில் ஃபோட்டான்களைக் கொண்டு எழுதிய செய்தி மட்டும் எப்படித் தங்கியது?

அந்த விடைக்குப் 'பூனை க்யூபிட்' என்று பெயர். குவாண்டம் கணினி செய்வதில் மிகப் பெரிய தலைவலியான பிழை திருத்தலை இது பாதியாகக் குறைக்கிறது. பாதி என்பது அலங்காரச் சொல் அல்ல. க்யூபிட்டைத் தாக்கும் பிழைகள் இரண்டு வகை. அவற்றில் ஒன்றை இந்த முறை ஏறக்குறைய ஒழித்துவிடுகிறது. மற்றதைக் கொஞ்சம் வளர்த்துவிடுகிறது. இந்தப் பேரம் லாபமானதுதானா என்பதே கேள்வி.

முதலில் அந்த இரண்டு பிழைகள். நம் வீட்டுக் கணினியின் பிட்டுக்கு ஒரே ஆபத்துதான் உண்டு: 0 என்பது 1 ஆவது, 1 என்பது 0 ஆவது. க்யூபிட்டோ 0, 1 இரண்டும் கலந்த நிலையில் இருக்கக்கூடியது. அந்தக் கலவையில் இரண்டும் கூட்டல் குறியோடு சேர்ந்திருக்கலாம், கழித்தல் குறியோடும் சேர்ந்திருக்கலாம். ஆகவே அதற்கு இரண்டு ஆபத்து. 0-வும் 1-ம் இடம் மாறினால் அது பிட் புரட்டல். இடையிலுள்ள குறி மாறினால் அது கட்டப் புரட்டல். வழக்கமான மீக்கடத்தி க்யூபிட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நடக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கண்காணிக்க வேண்டியிருப்பதால்தான் ஒரே ஒரு நம்பகமான க்யூபிட்டைப் பெற நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட க்யூபிட்டுகளைச் சதுரக் கட்டம்போல் பரப்பி வைக்க வேண்டியிருக்கிறது.

இனி அலையியற்றிக்கு வரலாம். ஒரு மின்தேக்கியையும் மின்தூண்டியையும் இணைத்தால் ஆற்றல் இரண்டுக்கும் இடையே போய்ப்போய் வரும். பாரிஸ் சுற்றில் இந்த ஆட்டம் விநாடிக்குச் சுமார் 800 கோடி முறை, அதாவது 8 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் நடந்தது. சுற்று முழுவதும் தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டிய குளிரில் இருப்பதால், அதிலுள்ள ஆற்றலை ஃபோட்டான், ஃபோட்டானாக எண்ண முடியும்.

இரண்டு ஊஞ்சல்கள் ஒரே உயரத்துக்கு ஆடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று முன்னால் போகும் நேரத்தில் மற்றது பின்னால் போகிறது. வேகமும் ஆற்றலும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆட்டத்தின் கட்டம் மட்டும் நேரெதிர். பூனை க்யூபிட்டில் 0, 1 என்பவை இந்த இரண்டு ஆட்டங்களே. இரண்டும் நடப்பது ஒரே அலையியற்றிக்குள் என்பது மட்டும் வித்தியாசம். இப்படிச் சீராக ஆடும் ஒளியின் நிலைக்கு 'ஓரியல் நிலை' என்று பெயர். 1963-ல் அதன் கணிதத்துக்கு வடிவம் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் ராய் கிளாபரும், கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் பிறந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த இ.சி.ஜி. சுதர்சனும். சுதர்சன் பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தார்.

ஓரியல் நிலையைக் குறிக்க ஓர் எண் போதும். அதை ஆட்டத்தின் அளவு என்று சொல்லலாம். அளவு +2 என்றால் சராசரியாக அதன் இருமடி, அதாவது 4 ஃபோட்டான்கள் உள்ளே இருக்கின்றன. அளவு –2 என்றாலும் 4 ஃபோட்டான்களே, ஆட்டம் மட்டும் எதிர்த் திசையில். இந்த +2, –2 இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்து வைத்தால் கிடைப்பதுதான் 'பூனை நிலை'. 1935-ல் எர்வின் ஷ்ரோடிங்கர் கற்பனை செய்த, உயிரோடும் இறந்தும் ஒருங்கே இருக்கும் பூனையின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இது ஏட்டுக் கற்பனையாகவே நின்றுவிடவில்லை. செர்ழ் அரோஷின் குழு 1996-ல் பாரிஸில், கண்ணாடிகளுக்கிடையே அடைபட்ட சில ஃபோட்டான்களை அப்படிப்பட்ட நிலைக்குக் கொண்டுவந்து, அது எவ்வளவு சீக்கிரம் கலைகிறது என்பதையும் அளந்தது. அரோஷ் 2012-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எதிரெதிர் ஆட்டங்கள் இரண்டும் ஒன்றோடொன்று எவ்வளவு மயங்கும்? இதற்கு எளிய கணக்கு உண்டு. சராசரி 1 ஃபோட்டான் என்றால் மயக்கம் ஏறத்தாழ 50-ல் 1. 2 ஃபோட்டான் என்றால் 3,000-ல் 1. 4 ஃபோட்டானுக்கு அது கோடியில் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. ஃபோட்டானைக் கூட்டிக்கொண்டே போனால் 0-வும் 1-ம் பிரமிக்கத்தக்க வேகத்தில் விலகிப் போகின்றன. பிட் புரட்டல் என்பது ஒரு பக்கத்து ஆட்டம் முழுவதுமாக எதிர்ப்பக்கத்து ஆட்டமாக மாறுவது. சூழலின் சில்லறை இரைச்சல்கள் ஆட்டத்தைச் சற்றுக் கூட்டும், குறைக்கும், தள்ளாட வைக்கும். அவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் தாண்டவைக்கும் வலு அவற்றுக்கு இல்லை.

ஆனால் தூரம் மட்டும் போதாது. ஃபோட்டான்கள் கசியக் கசிய ஆட்டம் தணிந்து +2 என்பது +1 ஆகும், பிறகு சுழியை நெருங்கும். அங்கே 0-வும் 1-ம் ஒன்றாகிவிடும். ஆட்டத்தை வெளியிலிருந்து தொடர்ந்து ஊட்ட வேண்டும். வழக்கமான முறையில் ஊட்டினால் அந்த உந்துதலே ஒரு கட்டத்தைத் தேர்ந்துகொண்டு, எல்லாவற்றையும் +2-க்கே தள்ளிவிடும், செய்தி அழியும். +2, –2 இரண்டையும் சமமாகக் காப்பாற்றி, தான் காப்பாற்றுவது எதை என்பதையே அறியாத ஓர் ஏற்பாடு தேவை.

பூனை நிலைகளில் க்யூபிட்டை எழுதலாம் என்பதை 1999-லேயே ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் காக்ரேன், மில்பர்ன், மன்ரோ ஆகியோர் எழுதியிருந்தார்கள். அதை நிலைநிறுத்தும் வழியை 2014-ல் மசியார் மிர்ராஹிமியும் சகாக்களும் முழுமையாக வகுத்தார்கள். அதன் உயிர்நாடி பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றுதான்: +2-ன் இருமடியும் 4, –2-ன் இருமடியும் 4. ஃபோட்டான்களை ஒற்றையாக ஊட்டாமல், ஒற்றையாக வெளியேற்றாமல், எப்போதும் இரண்டிரண்டாகவே ஊட்டி, இரண்டிரண்டாகவே வெளியேற்றும்படி சுற்றை அமைத்தால், வெளியுலகம் ஆட்டத்தின் இருமடியை மட்டுமே உணரும். குறி அதற்குத் தெரியாது. ஆட்டம் 1.8-க்குத் தணிந்தால் ஏற்பாடு அதை 2-க்குக் கொண்டுவரும், –1.8-க்குத் தணிந்தால் –2-க்குக் கொண்டுவரும். யாரும் அளந்து பார்க்காமல், யாரும் கட்டளையிடாமல், சுற்று தானாகவே திருத்திக்கொள்கிறது.

சொல்வது எளிது, இரண்டிரண்டாக மட்டும் ஃபோட்டானை விழுங்கும் பொருள் இயற்கையில் தயாராகக் கிடைப்பதில்லை. சாக்கி லெக்தாஸ், ரஃபாயேல் லெஸ்கான் ஆகியோர் இடம்பெற்ற பாரிஸ் குழு அதைச் செயற்கையாகச் செய்த விதம் அழகானது. 8 கிகாஹெர்ட்ஸ் அலையியற்றிக்குப் பக்கத்தில் 4.8 கிகாஹெர்ட்ஸில் ஆடும் இன்னொரு அலையியற்றியை வைத்தார்கள். இது வேண்டுமென்றே வேகமாகக் கசியும்படி செய்யப்பட்டது. இதை வடிகால் என்று அழைக்கலாம். இரண்டுக்கும் நடுவே ஜோசப்சன் சந்திகளால் ஆன ஓர் உறுப்பு. அதன் வழியாக 11.2 கிகாஹெர்ட்ஸில் ஓர் அலையைச் செலுத்தினார்கள். ஏன் அந்த எண்? 8-ஐ இருமுறை கூட்டினால் 16, அதில் 4.8-ஐக் கழித்தால் 11.2. முதல் அலையியற்றியிலிருந்து இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து வந்தால்தான் ஆற்றல் கணக்கு நேராகும்: ஒரு பங்கு வடிகாலுக்கு, மீதி அந்த அலைக்கு. ஒற்றை ஃபோட்டான் வந்தால் கணக்கு உதைக்கும், நிகழ்வு நடக்காது. வடிகாலில் விழுந்த ஃபோட்டான் உடனே வெளியேறிவிடுகிறது. வடிகாலுக்குள் 4.8 கிகாஹெர்ட்ஸில் அலை அனுப்பினால் இதே வழி பின்னோக்கியும் வேலை செய்து, இரண்டிரண்டு ஃபோட்டான்களை உள்ளே ஊட்டுகிறது.

இதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பதைப் பார்க்கப் பூனை நிலையின் இன்னொரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். +2, –2 இரண்டையும் கூட்டல் குறியோடு கலந்தால், அந்த நிலையில் ஃபோட்டான்களின் எண்ணிக்கை 0, 2, 4, 6 என்று இரட்டைப்படையாக மட்டுமே இருக்கும். கழித்தல் குறியோடு கலந்தால் 1, 3, 5 என்று ஒற்றைப்படை மட்டுமே. ஆக, குறி என்பது இரட்டையா ஒற்றையா என்ற கேள்விக்கான விடையே. அலையியற்றியிலிருந்து தவறிப்போய் ஒரே ஒரு ஃபோட்டான் கசிந்தால் என்ன ஆகும்? +2 ஆட்டம் +2 ஆட்டமாகவே இருக்கிறது, –2 ஆட்டமும் அப்படியே; பிட் புரளவில்லை. ஆனால் இரட்டைப்படை ஒற்றைப்படையாகிவிட்டது. குறி மாறிவிட்டது. கட்டப் புரட்டல் நடந்துவிட்டது.

இரண்டிரண்டாக இயங்கும் ஏற்பாடு இதைச் சரிசெய்யாது. இரண்டைக் கூட்டினாலும் கழித்தாலும் ஒற்றை ஒற்றையாகவே இருக்கும். அது மட்டுமல்ல, ஃபோட்டான்கள் கூடக்கூடக் கசிவும் கூடும். ஒரு ஃபோட்டான் 3 மைக்ரோவிநாடியில் கசியும் சுற்றில் 4 ஃபோட்டான்கள் இருந்தால், சராசரியாக 0.75 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை ஏதோ ஒன்று வெளியேறும். 8 ஃபோட்டான்கள் என்றால் அதிலும் பாதி நேரம்.

பேரம் இதுதான். ஒவ்வொரு ஃபோட்டானைக் கூட்டும்போதும் பிட் புரட்டல் மடங்கு மடங்காகக் குறைகிறது. கட்டப் புரட்டல் நேர்விகிதத்தில் மட்டுமே கூடுகிறது. 2020 சோதனையின் சிறப்பு இந்த இரண்டு கோடுகளையும் ஒரே சுற்றில் அளந்து காட்டியதே. லாபம் பெருக்கலில் வருகிறது, நஷ்டம் கூட்டலில் வருகிறது. இப்படிப்பட்ட பேரம் இயற்பியலில் அடிக்கடி கிடைப்பதில்லை.

அந்தச் சோதனையில் பிட் புரட்டலின் காலம் ஒரு மில்லிவிநாடிக்கு மேல் ஏற மறுத்தது. ஃபோட்டானைக் கூட்டிப் பார்த்தும் பயனில்லை. கோடு ஏறாமல் தட்டையாக நின்றால், அலையியற்றிக்கு வெளியிலிருந்து வேறு ஏதோ புகுந்து கெடுக்கிறது என்று அர்த்தம். சந்தேகம், நிலையை அளந்து பார்ப்பதற்காகப் பக்கத்தில் இணைத்திருந்த சாதாரண க்யூபிட் மீது விழுந்தது. 'டிரான்ஸ்மான்' எனப்படும் அந்த உறுப்பு எப்போதாவது வெப்பத்தால் தானாக எழும்பும். எழும்பியதும் அலையியற்றியின் அதிர்வெண் சற்று மாறும். அதற்குள் ஆட்டம் கட்டம் தவறிச் சுழன்றுவிடும். காவலுக்கு வைத்தவரே கதவைத் திறந்துவிட்ட கதை. அதன் பிறகு டிரான்ஸ்மான் இல்லாமலே நிலையை அளக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 2024-ல் 'நேச்சர்' இதழில் வந்த சோதனையில் பிட் புரட்டலின் காலம் 10 விநாடியைத் தாண்டியது. அதே சுற்றில் கட்டம் தாங்கிய நேரம் சுமார் 490 நானோவிநாடி, அதாவது அரை மைக்ரோவிநாடிக்கும் சற்றுக் குறைவு. ஒரே க்யூபிட்டின் இரண்டு பிழைகளுக்கு நடுவே இரண்டு கோடி மடங்கு வித்தியாசம்.

அரை மைக்ரோவிநாடி கூடத் தாங்காத ஒன்றால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பயன் பிழையின் வேகத்தில் இல்லை. ஒரே வகைப் பிழைதான் மிஞ்சியிருக்கிறது என்பதில் இருக்கிறது. ஒரே வகை என்றால், அதைத் திருத்தச் சதுரமாகப் பரப்ப வேண்டியதில்லை. ஒரே வரிசை போதும். ஒரு செய்தியை ஐந்து முறை எழுதிப் பெரும்பான்மையைப் பார்க்கும் பழைய உத்தி வேலை செய்யும்.

அந்த வரிசையை நிஜமாகவே செய்து காட்டியது அமேசானின் குவாண்டம் பிரிவு. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழக வளாகத்தில் அவர்கள் உருவாக்கிய 'ஆசெலாட்' சில்லு பற்றிய கட்டுரை 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்தது. அதில் ஐந்து பூனை க்யூபிட்டுகள் ஒரு வரிசையில் இருக்கின்றன. ஒவ்வோர் அண்டை ஜோடிக்கும் நடுவே ஒன்றாக நான்கு டிரான்ஸ்மான்கள். மொத்தம் ஒன்பது. இதே திருத்தும் திறனை இரண்டு வகைப் பிழைக்கும் சேர்த்துச் சதுர முறையில் பெற 49 க்யூபிட்டுகள் வேண்டும்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஐந்தும் இரட்டைப்படை என்பது ஒரு செய்தி, ஐந்தும் ஒற்றைப்படை என்பது மற்றொரு செய்தி, இரண்டின் கலவையும் செல்லும். இங்கே ஒவ்வொன்றையும் பிரித்து 'நீ இரட்டையா ஒற்றையா' என்று கேட்கக் கூடாது. கேட்ட மாத்திரத்தில் கலவை கலைந்துவிடும். நடுவிலுள்ள டிரான்ஸ்மான் 'இவர்கள் இருவரும் ஒன்றாக இருக்கிறார்களா, வேறாக இருக்கிறார்களா' என்று மட்டும் கேட்கிறது. மூன்றாவது பூனையிலிருந்து ஒரு ஃபோட்டான் கசிந்தால், இரண்டாவது–மூன்றாவது ஜோடியும் மூன்றாவது–நான்காவது ஜோடியும் 'வேறு' என்று சொல்லும். மற்ற இரண்டு ஜோடிகளும் 'ஒன்று' என்று சொல்லும். குற்றவாளி மூன்றாவது. முதல் ஜோடி மட்டும் 'வேறு' என்றால் தவறியது முதல் பூனை. நான்கு ஜோடிகளுமே 'வேறு' என்றால் இரண்டு சாத்தியங்கள்: இரண்டாவதும் நான்காவதும் தவறியிருக்கலாம், அல்லது ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய மூன்றும் தவறியிருக்கலாம். இரண்டு பிழை நடப்பது மூன்று பிழை நடப்பதைவிட வாய்ப்பு மிக்கது. முதல் விளக்கத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து பூனைகள் இப்படி இரண்டு பிழைவரை தாங்கும், மூன்று பூனைகள் ஒரு பிழையைத்தான் தாங்கும். டிரான்ஸ்மானே தவறான பதில் சொல்லக்கூடும் என்பதால் கேள்வியைச் சுற்றுச் சுற்றாகக் கேட்டு, முந்தைய சுற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

முடிவு: மூன்று பூனை வரிசையில் ஒரு சுற்றுக்குப் பிழை 1.75 சதவீதம், ஐந்து பூனை வரிசையில் 1.65 சதவீதம். இவ்வளவு பாடுபட்டும் இவ்வளவு சிறிய முன்னேற்றம்தானா என்று தோன்றும். அதற்குள்தான் இந்த முறையின் எல்லை தெரிகிறது. வரிசையை நீட்டினால் கட்டப் பிழை நன்றாகக் குறைகிறது. ஆனால் பிட் புரட்டலைப் பிடிக்க இந்த வரிசையில் எவருமே இல்லை. ஐந்தில் ஏதாவது ஒரு பூனை பிட் புரண்டாலும் மொத்தச் செய்தியும் போய்விடும். மூன்று இருந்த இடத்தில் ஐந்து இருந்தால் அந்த ஆபத்து அந்த அளவுக்குக் கூடுகிறது. சும்மா இருக்கும் பூனையில் பிட் புரட்டலின் காலம் ஒரு விநாடியை நெருங்கினாலும், டிரான்ஸ்மான்கள் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அவற்றின் பிழை பூனைக்குள் புகுந்து அந்தக் காலத்தைக் குறைத்துவிடுகிறது. ஐந்து பூனைகள் வைத்தும் பிழை மூன்றின் அளவை விடக் கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருந்தது என்பதுதான் இந்தச் சோதனை சாதித்தது. பிட் புரட்டல் உண்மையிலேயே அடக்கப்பட்டிருந்தால் மட்டுமே அது நடக்கும்.

கணக்குப் போடுவதிலும் இதே கவனம் தேவை. ஒரு பூனையின் நிலையைக் கொண்டு இன்னொரு பூனையின் நிலையை மாற்றும் செயலை அவசரமாகச் செய்தால், கட்டப் பிழை நடுவழியில் பிட் பிழையாக உருமாறிவிடும். கஷ்டப்பட்டு அடைத்த வாசல் மறுபடி திறந்துவிடும். அலையியற்றி இதற்கும் ஒரு வழி தருகிறது. +2 ஆட்டத்தை –2 ஆட்டமாக மாற்ற, சுழியைக் கடந்து தாவ வைக்காமல், ஆட்டத்தின் அளவைக் குறைக்காமலேயே கட்டத்தை மெல்ல அரைவட்டம் சுழற்றிக் கொண்டுபோகலாம். வழியெங்கும் 0-வும் 1-ம் எதிரெதிராகவே இருக்கும். இரண்டே நிலைகள் உள்ள சாதாரண க்யூபிட்டில் இது முடியாது. சுழற்றிக்கொண்டு போக அங்கே இடமில்லை.

ஒற்றை ஃபோட்டான் கசிவை அலையியற்றிக்குள்ளேயே திருத்தும் மாற்று வழியும் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஷோல்காப்ஃபின் குழு இரண்டுக்குப் பதிலாக நான்கு ஆட்டங்களைக் கலந்த பூனையைப் பயன்படுத்தியது. அதில் ஃபோட்டான் எண்ணிக்கை இரட்டையிலிருந்து ஒற்றைக்கு மாறுவது செய்தியை அழிப்பதில்லை. பிழை நடந்ததற்கு அடையாளமாக நிற்கிறது. அதைத் தொடர்ந்து கவனித்து, 2016-ல், திருத்தப்பட்ட க்யூபிட் அந்தச் சுற்றின் மிகச் சிறந்த திருத்தப்படாத க்யூபிட்டைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் வாழ்வதைக் காட்டினார்கள். அங்கும் அளக்கும் டிரான்ஸ்மானின் பிழைதான் எல்லையைக் கட்டியது.

பூனை க்யூபிட்டுகளால் எவ்வளவு மிச்சப்படும் என்பதற்கு ஒரு மதிப்பீடு 2023-ல் வந்தது. இன்றைய இணையப் பாதுகாப்பில் பரவலாகப் பயன்படும் 256 பிட் நீள்வட்ட வளைவுச் சாவியை உடைக்க 1,26,133 பூனை க்யூபிட்டுகளும் 9 மணி நேரமும் போதும் என்றது அந்தக் கணக்கு. ஆனால் ஒற்றைக் கசிவு, இரட்டை வெளியேற்றத்தைவிட இன்றைய சுற்றுகளில் உள்ளதைக் காட்டிலும் வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும் என்ற எடுகோள் அதற்குள் இருக்கிறது. ஆய்வுக்கூடங்கள் இப்போது போராடுவது அந்த விகிதத்தோடுதான்: அலையியற்றியில் ஒரு ஃபோட்டான் தங்கும் நேரத்தை நீட்டுவது, இரண்டிரண்டாக வெளியேற்றும் வேகத்தைக் கூட்டுவது, நடுவில் நின்று கேள்வி கேட்கும் டிரான்ஸ்மானின் இடத்தில் இன்னொரு பூனையையே வைப்பது.